வாசலில் நின்று முதலில் என்ன சொல்வது?

போன கிழமை இடைவேளை நேரம். எங்களோடு படிப்பிக்கும் இளம் டீச்சர் ஒருவர் ஆசிரியர் அறையில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்குப் பதுளைப் பக்கம் இடமாற்றம் வந்திருக்கிறது. அங்கே எங்களுக்குப் பழக்கமான ஒரு குடும்பம் உண்டு. ஓய்வுபெற்ற அதிபர் ஒருவரும் அவருடைய மனைவியும். அவர்கள் வீட்டில் தங்கிப் போய்வரலாம் என்று சொல்லி வைத்ததும் நாங்கள்தான்.

"அவங்க நல்லவங்க எண்டு நீங்க சொன்னா எனக்கு நம்பிக்கதான் சேர். ஆனா போய் வாசல்ல நிண்டு முதல்ல என்னத்தச் சொல்ற? அத நினைச்சாத்தான் பயமா ஈக்கிது."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆறு வருடத்துக்கு முன் இதே பயத்தோடு ஒரு வாசலில் போய் நின்றவர்கள் நாங்கள். அன்று சரியாகச் செய்ததும் உண்டு, பிழையாகச் செய்ததும் உண்டு. அவருக்குச் சொன்னதைத்தான் இங்கேயும் எழுதுகிறோம்.

(இந்தப் பக்கம் எங்கள் இருவருக்கும் பொதுவானது என்பது பழைய ஆட்களுக்குத் தெரியும். ஒருவர் தட்டச்சுச் செய்ய, மற்றவர் பக்கத்தில் இருந்து திருத்துவார். அதனால்தான் எப்போதும் 'நாங்கள்'. யார் எதைச் செய்தார் என்று சொல்ல வேண்டி வரும் இடத்தில் 'மகளின் வாப்பா', 'மகளின் உம்மா' என்று எழுதுகிறோம்.)

எங்கள் மூத்த மகளுக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் கிடைத்தது. எங்கள் வீடு அக்குறணையில். வீட்டுக்கு முன்னால் ஓடுகிற ஏ9 வீதியின் மறுமுனைதான் யாழ்ப்பாணம். ஒரே வீதிதான். ஆனால் இடையில் 300 கிலோமீற்றருக்கு மேல் கிடக்கிறது. அதற்கு முன் அங்கே ஒரே ஒரு தடவை, அதுவும் சுற்றுலாவாகப் போய் வந்திருந்தோம். தெரிந்தவர் என்று ஒருவரும் இல்லை. மகளுக்கு வெளியே ஒரு போர்டிங் தேட வேண்டியிருந்தது.

எங்களோடு 11 வருடம் ஒரே பாடசாலையில் படிப்பித்த தமிழ் டீச்சர் ஒருவர் இருக்கிறார். யாழ்ப்பாணத்தில் பிறந்து, கலியாணம் முடித்து மாத்தளையில் குடியிருப்பவர். நாங்கள் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவோம். விடயத்தைச் சொன்னதும் அக்கா, "கோப்பாய் கலாசாலையில என்னோட படிச்சவ ஒராள் திருநெல்வேலியில இருக்கிறா. ரிட்டயராகிட்டா. தனியத்தான் இருக்கிறா. கேட்டுப் பாக்கிறன்" என்றார்.

இரண்டு நாள் கழித்து அக்கா கோல் எடுத்தார். "அவ ஓம் எண்டிட்டா. ஆனா ஒருக்கா உங்களையும் பிள்ளையையும் நேரில பாக்க வேணுமாம். சரி, இப்ப சொல்லுங்கோ, உங்களைப் பற்றி அவவுக்கு என்ன சொல்லட்டும்?"

அந்தக் கேள்வி எங்களுக்குப் புதிதாக இருந்தது. அறிமுகம் செய்து வைக்கிறவர்கள் வழக்கமாக இப்படிக் கேட்பதில்லை. தாங்களே எதையாவது சொல்லி விடுவார்கள். அப்படி ஒரு அனுபவம் எங்களுக்கு முன்னர் இருந்தது. நண்பர் ஒருவர் தன்னுடைய இன்னொரு நண்பரின் வீட்டுக்கு எங்களை அனுப்பினார். அனுப்பும் முன், மகளின் வாப்பாவைப் பற்றி "கணக்கில் இவரை அடிக்க ஆள் இல்லை" என்று அங்கே சொல்லியிருக்கிறார். நாங்கள் போய் உட்கார்ந்து ஐந்து நிமிடம் ஆகவில்லை, அந்த வீட்டுப் பையனின் உயர்தர வினாத்தாள் மேசைக்கு வந்துவிட்டது. இவர் படிப்பிப்பது ஆறாம், ஏழாம் வகுப்புக் கணிதம். பையன் தலைகுனிந்து நிற்கிறான், இவருக்கு வியர்க்கிறது, வீட்டுக்காரர் எதிர்பார்ப்போடு பார்த்துக்கொண்டிருக்கிறார். அன்று அந்த வீட்டில் ஒருவரும் ஒருவரையும் தெரிந்துகொள்ளவில்லை. புகழ்ந்து அனுப்பினால் போகிறவர் அந்தப் புகழுக்குத் தக்கபடி நடிக்க வேண்டி வருகிறது. வரவேற்கிறவரும் அதற்குத் தக்கபடி ஓடியாட வேண்டி வருகிறது.

அக்கா புகழவில்லை. தேவையானதை மட்டும் கேட்டார், தேவையானதை மட்டும் சொன்னார். எங்களுக்குச் சொன்னது இவ்வளவுதான். அந்த ஒழுங்கையில் எல்லோரும் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள், நீங்களும் அப்படியே கூப்பிடுங்கள். காலையில் அவருக்குச் சாமி கும்பிடுகிற வேலை இருக்கும், ஒன்பது மணிக்குப் பிறகு போங்கள். செவ்வாயும் வெள்ளியும் சைவம், அதனால் கையில் கொண்டுபோகும் சாமானில் இறைச்சி, முட்டை சேர்ந்தது எதுவும் வேண்டாம்.

கடைசியாக இன்னொன்றும் சொன்னார். "தொண்ணூறாம் ஆண்டுக் கதை முதல் நாள் வேண்டாம். அதில ரெண்டு பக்கத்துக்கும் சொல்ல இருக்கு. அதுக்கு எண்டு ஒரு நாள் வரும்."

1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதைத்தான் சொன்னார். நாங்கள் அங்கிருந்து வந்த குடும்பம் இல்லை. ஆனாலும் அந்தக் கதை எங்கள் வீட்டிலும் பேசப்பட்ட கதைதான். பிள்ளையை அங்கே விடப்போகிறோம் என்றதும் சொந்தக்காரர்கள் முதலில் கேட்டதும் அதைத்தான். அக்கா சொல்லாவிட்டால் எங்களில் ஒருவர் அன்றைக்கே வாய் திறந்திருப்போம்.

வியாழன் இரவு கண்டியிலிருந்து வந்த பஸ்ஸில் ஏறினோம். மகள், அவளுக்கு இளைய மகன், நாங்கள் இருவர். விடியும் நேரம் யாழ்ப்பாணம். பஸ்ஸால் இறங்கிய கோலத்தில் நேரே போகக் கூடாது என்று முதலிலேயே தீர்மானித்திருந்தோம். ஐந்து சந்திப் பக்கம் போய்ப் பள்ளிவாசலில் முகம் கழுவி, தொழுது, சாப்பிட்டு, உடுப்பு மாற்றினோம். இது சின்ன விடயம் போலத் தெரியும். ஆனால் தூக்கக் கலக்கத்தோடும் பசியோடும் போய் நின்றால், அந்த வீட்டுக்காரர் உங்களை வரவேற்பதற்குப் பதிலாக உங்களைக் கவனிக்கத் தொடங்கிவிடுவார். அவர் குசினிக்குள் போய்விட, நீங்கள் விறாந்தையில் தனியே உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பீர்கள். இரண்டு பக்கத்துக்கும் பதற்றம் கூடும்.

ஒன்பதரைக்கு ஓட்டோவில் திருநெல்வேலிக்குப் போனோம். அக்கா சொல்லித் தந்த இன்னொரு பழக்கத்தையும் அங்கே செய்தோம். படலைக்கு முன்னால் நின்று கோல் எடுக்கவில்லை. ஒழுங்கை தொடங்கும் சந்தியிலேயே இறங்கி, "டீச்சர், சந்திக்கு வந்திட்டம், நடந்து வாறம்" என்று சொன்னோம். அந்த இரண்டு நிமிடம் அவருக்கு வேண்டும். அடுப்பை அணைக்க, சேலையைச் சரிசெய்ய, கதிரையில் கிடக்கும் பத்திரிகையை எடுக்க. அந்த இரண்டு நிமிடம் எங்களுக்கும் வேண்டியிருந்தது.

நடக்கும்போது எங்களுக்குள் ஒரு பேச்சு ஓடியது. வாழ்த்து என்ன சொல்வது? வணக்கம் என்ற சொல்லுக்குத் தயங்குகிறவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். தாராளமாகச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். சலாம் சொன்னால் பதில் தெரியாமல் அவர் சங்கடப்படுவாரா? மகளின் வாப்பா, "அவங்கட வீட்டு வாசல். அவங்கட வழக்கத்துல சொல்ற வார்த்தையச் சொல்றது மரியாத. நான் வணக்கம் சொல்றன்" என்றார். கைலாகு கொடுக்க அவர் கை நீட்டினால்? வலது கையை நெஞ்சில் வைத்துத் தலையைக் கொஞ்சம் சாய்த்தால் போதும். இதில் முக்கியம் நேரம். அவர் கை நீட்டிய பிறகு உங்கள் கையை இழுத்து நெஞ்சில் வைத்தால் அது மறுப்பு மாதிரி ஆகிவிடும். நாலைந்து அடி தூரத்தில் கண்கள் சந்திக்கும்போதே வைத்துவிட்டால் அது வாழ்த்து. முன்பு ஒரு கூட்டத்தில் பிந்திக் கையை இழுத்து ஓர் அம்மாவின் முகம் சுருங்கியதைப் பார்த்தவர்கள் நாங்கள். அதை மறக்கவில்லை.

படலை ஏற்கனவே திறந்திருந்தது. டீச்சர் முற்றத்தில் நின்றார். மெல்லிய ஆள், நரைத்த கொண்டை, கண்ணாடி. மகளின் வாப்பா கையை நெஞ்சில் வைத்து "வணக்கம் டீச்சர்" என்றார். அதே கணத்தில் டீச்சர் இரண்டு கையையும் குவித்தபடி, ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து வாசிப்பதுபோல, "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றார்.

இரண்டு வாழ்த்தும் முற்றத்தின் நடுவில் ஒன்றை ஒன்று கடந்து போயின.

ஒரு கணம் இரு பக்கமும் என்ன செய்வதென்று தெரியவில்லை. பிறகு மகளின் வாப்பா "வ அலைக்குமுஸ் ஸலாம்" என்றார். டீச்சர் "வணக்கம், வணக்கம்" என்றார். மகள்தான் முதலில் சிரித்தாள். அதன் பிறகு எல்லோரும் சிரித்தோம். அவர் தவறாக உச்சரித்தாரா, இவர் சொன்னது பொருத்தமா என்பதை யாரும் யோசிக்கவில்லை. இருவரும் மற்றவருக்காக முதல் நாளே வாயில் பழகி வந்திருக்கிறார்கள் என்பது இருவருக்கும் விளங்கிவிட்டது.

மகளின் உம்மா போய் டீச்சரின் இரண்டு கையையும் பிடித்தார். பெண்கள் சந்திக்கும்போது எங்களிடம் அதுதான் வழக்கம். கைகள் சில்லென்று இருந்தன. கழுவித் துடைத்த ஈரம் இன்னும் காயவில்லை. சேலைத் தலைப்பில் திரும்பத் திரும்பத் துடைத்த அடையாளம் தெரிந்தது. இரவு முழுக்கப் பஸ்ஸில் 'அவங்க எப்படியோ' என்று நாங்கள் நினைத்துக்கொண்டு வந்திருக்கிறோம். அதே இரவு அவரும் 'வாற ஆக்கள் எப்படியோ' என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். எங்கள் பயம் அந்தக் கையைப் பிடித்த இடத்தில்தான் பாதி குறைந்தது.

வாழ்த்துக்கு அடுத்த வசனத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். 'அதான் அக்கா எல்லாம் சொல்லியிருப்பாங்களே' என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அக்கா சொல்லியிருப்பார், ஆனால் ஃபோனில் சொன்ன பெயர் காதில் சரியாக விழுந்திருக்காது. இரண்டாம் தரம் கேட்க வெட்கமாக இருக்கும். நாள் முழுக்கப் பெயர் தெரியாமலே கதைக்க வேண்டி வரும். அதனால் மகளின் உம்மா ஒன்றும் தெரியாதவரிடம் சொல்வதுபோல முழுவதையும் சொன்னார். "நாங்க அக்குறணையில இருந்து வாறம் டீச்சர், அக்கா அனுப்பின ஆக்கள். இவர் மகள்ட வாப்பா, நான் உம்மா. ரெண்டு பேரும் படிப்பிக்கிறம். இவதான் மகள். இவர் சின்னவர்." மகள் தன் பெயரைத் தானே சொன்னாள், கொஞ்சம் பிரித்து, மெதுவாக. டீச்சர் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். இரண்டாம் தரம் சரியாக வந்தது. ஃபோனில் கேட்டதை அவர் வேறு ஒரு பெயராக எழுதி வைத்திருந்தது பிறகுதான் தெரிந்தது.

கையில் கொண்டுபோன பார்சலைக் கொடுத்தோம். எங்கள் தோட்டத்துக் கராம்பு, மிளகு, சாதிக்காய். பொதியைப் பிரித்து மணந்து பார்த்தவர், "இது கடையில வாறது மாதிரி இல்லை" என்றார். மகளின் வாப்பா கராம்பு காயவைக்கிற விதத்தைச் சொல்லத் தொடங்கினார். முதல் ஐந்து நிமிடம் அப்படிப் போனது. சொந்தத் தோட்டத்துச் சாமான் கையில் இருந்தால் கதைக்கத் தலைப்புத் தேட வேண்டியதில்லை.

அடுத்த ஐந்து நிமிடம் அக்காவைப் பற்றி. இரு பக்கத்துக்கும் தெரிந்த ஆள் அவர் ஒருவர்தானே. கலாசாலை நாட்களில் அக்கா பாட்டுப் போட்டியில் வரி மறந்த கதையை டீச்சர் சொன்னார். பாடசாலையில் அக்காவின் குரல் மூன்று வகுப்புக்குக் கேட்கும் கதையை நாங்கள் சொன்னோம். இந்தப் பேச்சு ஒரு பாலம், ஆனால் அதிலேயே நிற்கக் கூடாது. நல்ல கதைகள் முடிந்ததும் அது அந்த ஆளின் வருத்தம், வீட்டு விடயம் என்று இறங்கிவிடும். அக்காவின் முழங்கால் வருத்தத்தைப் பற்றி டீச்சருக்குத் தெரியுமா என்று எங்களுக்குத் தெரியாது. அந்த இடத்தில் நாங்கள் பேச்சை நிறுத்திக்கொண்டோம்.

நிறுத்தியதும் ஒரு சின்ன மௌனம் விழுந்தது. அதை நிரப்ப வேண்டும் என்ற அவசரத்தில்தான் எங்கள் பிழை நடந்தது. மகளின் உம்மா கேட்டார்: "டீச்சருக்கு எத்தன புள்ளைங்க?"

எங்கள் நாட்டில் முதல் சந்திப்பில் எல்லோரும் கேட்கிற கேள்வி இது. நாங்களும் எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறோம்.

டீச்சர் தேத்தண்ணிக் கோப்பையைத் தட்டில் வைத்தார். "ரெண்டு பேர். மகள் கனடாவில. மகன் இல்லை."

அப்போதுதான் எங்களுக்குப் பின்பக்கச் சுவரைத் திரும்பிப் பார்த்தோம். மாலை போட்ட படம். இருபது வயது மதிக்கலாம். நாங்கள் உட்கார்ந்த கதிரைகள் அதற்கு முதுகு காட்டிக் கிடந்தன.

மகளின் வாப்பாவுக்கு உடனே வேறு ஏதாவது பேசி மூடிவிட வேண்டும் போல இருந்தது. மழை, பஸ், எதையாவது. வகுப்பறை அனுபவம்தான் தடுத்தது. ஒரு பிள்ளை அழுகிற மாதிரி வரும்போது நாங்கள் உடனே பாடத்துக்குப் போய்விட்டால், அந்தப் பிள்ளை தான் ஏதோ குற்றம் செய்ததாக நினைக்கும். பேச்சை மாற்ற வேண்டிய ஆள் நாங்கள் இல்லை. மகளின் உம்மா, "எங்களுக்குத் தெரியாது டீச்சர்" என்றார். அவ்வளவுதான். மன்னிப்பை நீட்டவில்லை, காரணம் சொல்லவில்லை. நீட்டியிருந்தால் டீச்சர் எங்களைத் தேற்ற வேண்டி வந்திருக்கும்.

கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு டீச்சரே சொன்னார். "தெரிஞ்சிருந்தா கேட்டிருக்க மாட்டியள். பரவாயில்லை." மகனின் பெயரைச் சொன்னார். அவரும் மற்ஸ் படித்தவராம். எப்படி, எப்போது என்று நாங்கள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

பிறகு அவரே எழும்பினார். "வாங்கோ, அறையைக் காட்டுறன்."

அந்த எழும்புதலில்தான் எல்லாம் இளகியது. முகத்துக்கு முகம் பார்த்துக் கதிரையில் இருக்கும்வரை ஒவ்வொரு சொல்லுக்கும் கனம் இருக்கும். நடந்துகொண்டு ஒரு பொருளைப் பார்த்துப் பேசும்போது அந்தக் கனம் இல்லை. சாவி இறுகும் கதவு, கிணற்றுக் கட்டு, மோட்டர் போடும் நேரம் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். அறைக்குள் போனதும், "பிள்ளை தொழுறது எந்தப் பக்கம்?" என்று கேட்டார். மேற்கிலிருந்து கொஞ்சம் வடக்கே என்று மகளின் வாப்பா காட்டினார். அந்தப் பக்கம் மேசை கிடந்தது. "அப்ப மேசையை எடுப்பம்" என்று டீச்சரே ஒரு தலைப்பைப் பிடித்துவிட்டார். கனமான பழைய மேசை. நாலு பேர் பிடித்து, "இஞ்சால", "கொஞ்சம் தூக்குங்கோ", "கால் கவனம்" என்று நகர்த்தினோம். மேசை சுவருக்குப் போய்ச் சேர்ந்தபோது எங்களுக்குள் முதல் சந்திப்பு என்ற உணர்வே இல்லை.

அந்த நேரம் பார்த்துச் சின்னவன் முற்றத்திலிருந்து கத்தினான்: "தாத்தா! ஓடி வாங்க, கிணத்துக்குள்ள ஆமை ஈக்கிது!"

டீச்சர் அவசரமாகப் படலைப் பக்கம் எட்டிப் பார்த்தார். "ஆர் தம்பி, தாத்தாவும் வந்தவரோ? உள்ளுக்குக் கூப்பிடுங்கோவன்."

எங்கள் வீட்டில் மூத்த சகோதரியைத்தான் தாத்தா என்போம். அதை விளங்கப்படுத்தியதும் டீச்சர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துச் சிரித்தார். அதே சிரிப்போடு மகளிடம், "அப்ப என்னை என்னெண்டு கூப்பிடப்போறாய்? அன்ரி எண்டு சொல்லு பிள்ளை" என்றார். யாரை எப்படிக் கூப்பிடுவது என்று வழியெல்லாம் யோசித்து வந்த கேள்வி அப்படி முடிந்தது.

அன்று வெள்ளிக்கிழமை. மகளின் வாப்பா சின்னவனையும் கூட்டிக்கொண்டு ஜும்ஆவுக்குப் போய் வந்தார். திரும்பி வரும்போது வாழையிலை போட்டிருந்தது. கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, முருங்கையிலை, பொரித்த மோர்மிளகாய். 'நாங்கள் சாப்பிடலாமா' என்று கேட்கவும் தேவை வரவில்லை, 'நீங்கள் சாப்பிடுவீர்களா' என்று அவர் கேட்கவும் தேவை வரவில்லை. அக்கா இரு பக்கமும் முதலிலேயே பேசி முடித்திருந்தார்.

மகளை விட்டுவிட்டுப் பின்னேரம் கிளம்பினோம். பஸ் சாவகச்சேரி தாண்டும்போது அக்காவுக்குக் கோல் எடுத்தோம். அப்போதுதான் அவர் மறுபக்கத்துக்குச் சொல்லியிருந்தது என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டோம். "ஆம்பிளையள் பொம்பிளையளுக்குக் கை குடுக்க மாட்டினம், அதை மனசில வைக்காதை. பிள்ளைக்குத் தொழ ஒரு துப்பரவான இடம் வேணும். மற்றது, அவையும் பயந்து பயந்துதான் வருகினம்." இந்த மூன்றாவதைத்தான் டீச்சர் பிடித்துக்கொண்டாராம். அதைக் கேட்ட பிறகுதான் சலாம் எப்படிச் சொல்வது என்று அக்காவிடம் கேட்டு எழுதி வைத்தாராம்.

சுவரில் இருந்த படத்தைப் பற்றிச் சொன்னோம். அக்கா ஃபோனில் அப்படியே நின்றுவிட்டார். "ஐயோ, நான் உங்களுக்குச் சொல்லேல்லையே?" ஒரு தடவை, பல வருடத்துக்கு முன், 'என்னோட படிச்ச ஒருத்தியின்ர மகன்' என்று ஏதோ சொன்னது எங்களுக்கும் மங்கலாக நினைவு வந்தது. பெயர் சொல்லவில்லை. அது இவர்தான் என்று நாங்கள் எப்படி அறிவோம்? அக்காவில் குற்றம் இல்லை. இரண்டு பக்கத்தையும் நீண்ட நாள் பழகியவருக்கு, எது மற்றவருக்குத் தெரியாது என்பதே மறந்துபோகும். அதனால் அறிமுகம் செய்பவர் சொல்லும்வரை காத்திருக்கக் கூடாது. 'அவங்களிட்ட கேக்கக் கூடாதது ஏதாவது இருக்கா?' என்று நாங்களே கேட்டிருக்க வேண்டும். ஒரு வசனம்தான். அதைக் கேட்காமல் போனதுதான் எங்கள் பிழை.

மகள் அந்த வீட்டில் நாலு வருடம் இருந்தாள். தொண்ணூறாம் ஆண்டுக் கதைக்கு அக்கா சொன்ன அந்த ஒரு நாளும் வந்தது, இரண்டாம் வருடத்தில், கரண்ட் இல்லாத ஓர் இரவில். டீச்சரும் மகளும் மட்டும் இருந்து கதைத்திருக்கிறார்கள். மகள் எங்களிடம் அதில் பாதியைத்தான் சொன்னாள். மீதி அவர்கள் இருவருக்கும் உரியது.

இளம் டீச்சரிடம் இதையெல்லாம் சொன்னோம். அன்றிரவே பதுளைக்குக் கோல் எடுத்தோம். "கெட்டிக்காரி" என்று ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பெயரை இரண்டு தரம் சொன்னோம். முதல் ஒரு மணித்தியாலம் பேச மாட்டாள், பிறகு நிறுத்த ஏலாது என்றோம். மாட்டிறைச்சி சாப்பிட மாட்டாள் என்றோம். அவள் பயந்துகொண்டுதான் வருவாள் என்றோம். அவர்களைப் பற்றி அவளுக்கும் மூன்று விடயம் சொன்னோம். அதில் கேட்கக் கூடாத கேள்வி ஒன்றும் இருந்தது. அதை இங்கே எழுத மாட்டோம்.

நேற்றுப் பின்னேரம் அவளிடமிருந்து வொய்ஸ் மெசேஜ் வந்தது. பின்னால் யாரோ சிரிக்கிற சத்தமும் கேட்டது.

"சேர், டீச்சர், நல்லா வந்து சேந்துட்டன். நீங்க சொன்ன மாதிரியே சந்தியில இருந்து கோல் எடுத்தன். பேரச் சொன்னன், ஊரச் சொன்னன், எல்லாம் சரி. ஆனா வாசலுக்கு முதல்ல வந்தது அவங்க இல்ல, ஒரு பெரிய நாய். நாய் ஈக்கிற எண்டு ஒராளும் சொல்லல்லயே!"

மறந்துவிட்டோம். பத்து வருடமாக அந்த வீட்டுக்குப் போய் வருகிறோம். எங்களைக் கண்டால் அது குரைப்பதே இல்லை.